ஒரு கட்டம் மேலே ஏறிய விலைகள்

ரேட்டக்காவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி மேனேஜர் முதல் லோடு ஏற்றுபவர்கள் வரை எல்லோருக்கும் அவள் ரேட்டக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதற்காக அவள் கோபப்பட்டதில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

கம்பெனி கதவுச் சாமான் மொத்த வியாபாரம். கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, பூட்டு. கதவு மட்டும்தான் விற்பதில்லை. இத்தனை பொருளுக்கும் கம்ப்யூட்டரில் விலை ஏற்றுவது அவள் வேலை. அரசாங்கம் வரியை மாற்றினால் வரிக் குறியீட்டை மாற்றுவதும், கடைக்காரர் விலாசம் மாறினால் அதைத் திருத்துவதும் அவளே. ஒவ்வொன்றாகத் தட்டினால் ஆயுசு போதாது. ஆகவே டெம்ப்ளேட் என்று ஒரு ஷீட் உண்டு. பொருளின் எண் ஒரு பத்தி, புது விலை ஒரு பத்தி, எந்தத் தேதியிலிருந்து என்பது ஒரு பத்தி. நிரப்பி ஏற்றினால் மொத்தமாக மாறிவிடும். மொத்தமாக மாறும் என்பதில்தான் சுகமும் இருக்கிறது, வயிற்றுக் கலக்கமும் இருக்கிறது.

ஷீட்டைச் சும்மா விழுங்கிவிடாது அந்தக் கம்ப்யூட்டர். கண்டிப்பான வாத்தியார் மாதிரி முதலில் சோதித்துப் பார்க்கும். எண்ணின் முன்னால் நிற்கும் பூஜ்யம் உதிர்ந்திருந்தால் "இப்படி ஒரு பொருளே இல்லை" என்னும். தேதியை மாற்றி எழுதினால் முறைக்கும். விலைக் கட்டம் காலியாக இருந்தால் வரி எண்ணைச் சொல்லிக் காட்டிக் கொடுக்கும். பழைய விலைக்கும் புது விலைக்கும் கால் பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, அடக்க விலைக்குக் கீழே போனாலோ, அந்த வரியை மட்டும் வெளியே நிறுத்திவிடும். "எனக்குத் தெரிந்துதான் செய்கிறேன்" என்று பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டு இன்னொரு ஆள் ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே விடும்.

ரேட்டக்கா தன் பங்குக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எதையும் ஏற்றுவதற்கு முன்னால், அன்றைக்கு இருக்கிற விலை எல்லாவற்றையும் இறக்கி 'முன்' என்ற பெயரில் சேமித்து வைப்பாள். ஏதாவது கோணலானால் அதையே திருப்பி ஏற்றினால் போதும், பழைய நிலைமை வந்துவிடும். அது இறங்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பார்ப்பவர்கள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வேலையை அவள் வெறுக்கவில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். கழுத்து அலுத்தது, கண் அலுத்தது. முக்கியமாக, நேரம் அலுத்தது. அவள் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்படி வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் விடிந்துதான் வருவார். அவர் உள்ளே வரும்போது இவள் வெளியே போவாள். இவள் திரும்பி வரும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். கல்யாணம் ஆகியும் இரண்டு பேரும் ஒரே படுக்கையை முறை வைத்துப் பயன்படுத்தும் வாடகைக்காரர்கள் போலத்தான் இருந்தார்கள். அவர் மேல் மாவு வாசனை. இவள் மேல் ஏசி அறையின் வாசனை, அதாவது ஒரு வாசனையும் இல்லை.

சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் காலை ஏழுக்குப் போனால் மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள். அங்கே ஓர் இடம் காலியானது. ரேட்டக்கா மாற்றல் கேட்டாள். மேனேஜர் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க சீட்டுக்கு ஒரு ஆளப் போட்டுத் தர்றேன். பழக்கி விடுங்க. புது விலைப் பட்டியல் வருது பாருங்க, அத பிசிறில்லாம ஏத்தி முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும், வேலை முடிந்து வந்த பேக்கரிக்காரரிடம் வாசலில் நின்று சொன்னாள். "மூணு மணிக்கு வந்துடுவேங்க இனிமே."

"மூணுக்கா? அப்போ ஆறு வரைக்கும் என்ன செய்வோம்?"

"என்னமோ செய்வோம். ஒண்ணுமே செய்யாம உக்காந்திருப்போம்."

அவர் சிரித்தார். மறுநாள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வாங்கி வந்து பால்கனியில் போட்டார். பால்கனி சின்னது. நாற்காலி போட்டபின் கதவு முழுசாகத் திறக்கவில்லை.

அவள் சீட்டுக்கு வந்த பெண்மணிக்குப் 'புதுசு' என்று பேர் விழுந்தது. புதுசுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும், தலை பாதிக்கு மேல் வெள்ளை. கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டார்கள் என்று இங்கே வந்தவர். மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால்தான் நிரந்தரம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். யார் அக்கா என்ற வழக்கு கடைசிவரை தீர்க்கப்படவில்லை.

"ஏத்துறது நானு, ஒப்புதல் கொடுக்கிறது நீங்க" என்றாள் ரேட்டக்கா. "ஒரே ஆளு ரெண்டும் செய்யக் கூடாது. ஒப்புதல் குடுத்தவங்க பேருலதான் அது பதிவாகும். அதனால கண்ண மூடிட்டு அழுத்தாதீங்க."

"எல்லா வரியையும் பாக்கணுமாக்கா?"

"எல்லாத்தையும் பாத்தா கண்ணு அவிஞ்சுடும். மேல ஒரு பத்து வரி, கடைசி வரி. தொழிற்சாலைக்காரங்க அனுப்புற பட்டியலோட ஒத்துப் பாருங்க. ரெண்டு முனையும் சரியா இருந்தா நடுவுலயும் சரியாத்தான் இருக்கும்."

பரீட்சைத் தாளில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு மார்க் போடும் வாத்தியார்கள் உண்டு. அவர்களை நம்பி நடுவில் சினிமாக் கதை எழுதும் பிள்ளைகளும் உண்டு. இங்கே கதை எழுதியது ரேட்டக்காவேதான். அது அவளுக்கே தெரியாது.

புதுப் பட்டியல் வந்தது. எண் பத்தியையும் விலைப் பத்தியையும் டெம்ப்ளேட்டில் ஒட்டினாள். சோதனை ஓட்டம் விட்டாள். நடுவில் ஒரு வரியில் விலை இல்லை என்றது. போய்ப் பார்த்தாள். தொழிற்சாலைக்காரர்கள் நிறுத்திவிட்ட ஒரு தாழ்ப்பாள். விலை இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த வரியையே முழுசாக நீக்க வேண்டும். நூறு தடவை நீக்கியிருக்கிறாள். அன்றைக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் பிடித்து நீக்கிவிட்டாள். கீழே இருந்த விலைகள் எல்லாம், பஸ்ஸில் இடம் காலியானால் பின்னால் நிற்பவர்கள் நகர்வதுபோல, ஒரு கட்டம் மேலே ஏறின. எண்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

மறுபடி சோதனை. இப்போது கடைசி வரியில் விலை இல்லை என்றது. "இது வேறயா" என்று பட்டியலைப் பார்த்துக் கையால் தட்டினாள். சரியான விலைதான்.

'முன்' ஃபைலை இறக்கி வைத்தாள். ஏற்றும்போது கம்ப்யூட்டர் கேட்டது: ஒரு வரி தவறாக இருந்தாலும் மொத்தத்தையும் நிறுத்தவா, அல்லது நல்ல வரிகளை மட்டும் ஏற்றவா? வழக்கமாக முதலாவதைத்தான் சொல்வாள். அன்றைக்கு இரண்டாவதைச் சொன்னாள். அலுப்பு அப்படித்தான். பெரிய தப்பு எதையும் செய்யச் சொல்லாது, சின்னச் சின்னச் சலுகையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

புதுசு மேலே பத்து வரி பார்த்தார், கடைசி வரி பார்த்தார். விரலை வைத்து, உதட்டை அசைத்துப் பார்த்தார். எல்லாம் ஒத்துப்போயின. ஒப்புதல் கொடுத்தார்.

ஒரு கைப்பிடிக்கும் அடுத்த கைப்பிடிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் தவறான விலைகள் எல்லாம் நல்ல பிள்ளை வேஷத்தில் உள்ளே போய்விட்டன. கைப்பிடி முடிந்து பூட்டு, பூட்டு முடிந்து கீல் என்று ரகம் மாறுகிற இடங்களில் மட்டும் சில வரிகள் வெளியே நின்றன.

"இந்த தடவ விலைய நல்லா ஏத்திட்டாங்கன்னு அப்பவே சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு, நின்றவற்றை ஒரு தனி ஷீட்டில் போட்டு டிக் அடித்தாள் ரேட்டக்கா. அவற்றில் சிலது ஏறவில்லை, இறங்கியிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. ஆனால் பழக்கத்தை மட்டும் விடவில்லை. இரண்டாவது ஷீட்டை ஏற்றுவதற்கு முன்னாலும் பொறுப்பாக 'முன்' ஃபைல் இறக்கினாள். 'இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா?' என்றது. 'ஆம்' என்று தட்டினாள். புதுசு மறுபடி ஒப்புதல் கொடுத்தார். மணி பதினொன்று. ரேட்டக்கா கையை உயர்த்திச் சோம்பல் முறித்தாள். பிசிறில்லாமல் முடிந்தது என்று நினைத்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பில்லிங் பிரிவிலிருந்து போன் வந்தது. அங்கே இருப்பவருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். அவருக்குப் போனே தேவையில்லை, இருந்தாலும் பேசுவார்.

"ரேட்டக்கா! அந்த பெரிய இரட்டைச் சாவிப் பூட்டு இருக்கே, அது என்ன கீல் விலைக்குப் போகுது? ஒரு கடைக்காரரு ஒரு வண்டி கேக்குறாரு. இருப்பு இருக்கான்னு கேட்டு மூணு தடவ கூப்பிட்டுட்டாரு. நானே வீட்டுக்கு ரெண்டு எடுத்துக்கலாமான்னு பாக்குறேன். எங்க வீட்டுல பூட்டி வைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல, இருந்தாலும் விலைய பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது."

"பில் போட்டுட்டீங்களா?"

"அவருக்கு இல்ல. வேற ரெண்டு கடைக்குப் போயிருச்சு."

"நிறுத்துங்க. காலைல விலை மாறின எதுக்கும் பில் போடாதீங்க. வண்டி வெளிய போகக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

"சரிக்கா" என்றது ஒலிபெருக்கி. அவள் குரலில் என்ன கேட்டாரோ, முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

ரேட்டக்கா ஷீட்டைத் திறந்தாள். நடுவில் போய் ஒரு வரி பார்த்தாள், அடுத்த வரி பார்த்தாள். அந்தத் தாழ்ப்பாளின் வரியில், அதற்குக் கீழே இருந்த தாழ்ப்பாளின் விலை உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து கீழே எல்லாம் அப்படியே. ஆனாலும் 'முன்' இருக்கிறதே. அதைத் திறந்தாள்.

அதிலும் அதே தப்பு விலைகள் இருந்தன. காலையில் முதல் தடவை ஏற்றியபின் எடுத்த 'முன்' அது. உண்மையான 'முன்' அதன் அடியில் நசுங்கிப் போயிருந்தது. கயிறு அறுந்துவிடக் கூடாதே என்று அக்கறையாக இன்னொரு முடிச்சுப் போட்டதில் கயிறே அவிழ்ந்துவிட்டது.

புதுசு பக்கத்தில் வந்து நின்றார். "என்னக்கா ஆச்சு?"

"உக்காருங்க. ஒரு வேலை இருக்கு."

வழி இல்லாமல் இல்லை, நீண்ட வழிதான் இருந்தது. எந்தப் பொருளின் விலையை எந்த ஏற்றம் மாற்றியது, அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன ஆனது என்று கம்ப்யூட்டர் தனக்குள் ஒரு பதிவு வைத்திருக்கும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த இரண்டு எண்களை மட்டும் பிரித்து எடுத்து, 'முன்னால் இருந்தது' என்ற பத்தியை டெம்ப்ளேட்டில் போட்டால் பழைய விலை வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. இதற்கிடையில் விற்பனைப் பிரிவுக்காரர் ஒரு பெரிய கட்டடத்துக்காகச் சில கைப்பிடிகளின் விலையைக் கையால் மாற்றியிருந்தார். அவற்றின் மேல் பழைய விலையைப் போட்டால் அவர் குறைத்துக் கொடுத்தது காணாமல் போகும். ஆகவே இப்போது இருக்கிற விலை, நாம் ஏற்றிய விலையாகவே இருந்தால் மட்டும் திருப்ப வேண்டும். வேறாக இருந்தால் தொடக் கூடாது, ஓரமாக எழுதி வைத்து அவரிடம் கேட்க வேண்டும்.

ரேட்டக்கா இரண்டு பத்தியையும் ஒப்பிட வைத்துத் திருப்ப வேண்டியதைப் பிரித்தாள். புதுசு நடுவிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிகளைப் படித்தார். ரேட்டக்கா போன மாதத்துப் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு "சரி" என்றாள். "சரி", "சரி" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது, தாலாட்டு பாடுகிறவளுக்கே தூக்கம் வருவதுபோல இருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. இந்தத் தடவை மொத்தமும் சரியாக இருந்தால்தான் ஏற்று என்ற கட்டத்தைத் தட்டினாள், புதுசு ஒப்புதல் கொடுத்தார். ஏறியது. ஒலிபெருக்கிக்குச் சொன்னாள். அவர் போன இரண்டு பில்லையும் ரத்து செய்து புதிதாகப் போடப் போனார்.

பிறகுதான் மேனேஜர் கூப்பிட்டார்.

அவர் மேசையில் பதிவின் பிரிண்ட் இருந்தது. "ஒரு வண்டி பூட்டு போயிருக்கும்" என்றார். "போயிருந்தா முதலாளி என்னைய கதவுல தொங்க விட்டுருப்பாரு. நல்ல வேளை. பதிவுல புதுசு பேருதான் இருக்கு. ரெண்டு தடவையும்."

"ஆமா, ஒப்புதல் அவங்க."

"அவங்களுக்கு இது ஒத்துவராதுன்னு நினைக்கிறேன். சோதனைக் காலம்தானே, இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். நீங்க பயப்படாதீங்க, உங்க மாற்றலுக்கு ஒண்ணும் இல்ல. என் மச்சான் பொண்ணு ஒருத்தி வேலை தேடுறா, கம்ப்யூட்டர் படிச்சவ. அவள உக்கார வச்சுடுறேன். நீங்க ஒண்ணாந் தேதி டிஸ்பாட்ச் போங்க."

ரேட்டக்கா சும்மா தலையை ஆட்டினால் போதும். தலையாட்டுவது அவளுக்குத் தெரியாத வேலையா என்ன? மூன்று மணி வெயிலில் பால்கனி எப்படி இருக்கும் என்று இதுவரை அவள் பார்த்ததே இல்லை. அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதுசு, தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். பஸ் வருகிற திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்போல.

"கட்டத்த நீக்கினது நான் சார்" என்றாள்.

"என்னது?"

"காலி வரிய முழுசா நீக்காம கட்டத்த மட்டும் நீக்கிட்டேன். விலை எல்லாம் மேல ஏறிடுச்சு. மேல பத்து, கடைசி ஒண்ணு பாத்தா போதும்னு அவங்களுக்கு சொல்லிக் குடுத்ததும் நான். அவங்க அத ஒழுங்காப் பாத்தாங்க. டிக் அடிச்சது நான். முன் ஃபைல அழிச்சதும் நான்தான்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. சுலபமான வழி கண்ணில் பட்டால் அதில் நடப்பவர், அவ்வளவுதான்.

"ஏன் இதெல்லாம் எங்கிட்ட சொல்றீங்க?" என்றார், கொஞ்சம் வருத்தமாகவே. "சொல்லலன்னா ஒண்ணாந் தேதி போயிருக்கலாம். இப்போ நான் எப்படி உங்கள அனுப்புறது? இப்படி ஒரு ஓட்டைய வச்சுட்டு?"

"தெரியும் சார்."

"புது வரிக் குறியீடு வருது. அது முடியட்டும். வருஷக் கணக்கும் முடியட்டும். அப்புறம் பேசலாம். டிஸ்பாட்ச் சீட்ட அதுவரைக்கும் காலியா வைக்க முடியாது."

"சரி சார். புதுசு?"

"இருக்கட்டும்" என்று கையை வீசினார். "ரெண்டு பேரும் சேந்து என் தலைய உருட்டுங்க."

வெளியே வந்ததும் படிக்கட்டுப் பக்கம் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். பேக்கரிக்காரருக்கு அது நடுராத்திரி மாதிரி. ரொம்ப நேரம் அடித்தது.

"என்னம்மா? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மூணு மணி இல்லீங்க. போயிடுச்சு."

அந்தப் பக்கம் அவர் எழுந்து உட்காருவது தெரிந்தது.

"யாராவது திட்டினாங்களா?"

"இல்ல. நானே போட்டு உடைச்சேன். சொல்லாம இருந்திருக்கலாம். இன்னொரு அம்மாவுக்கு வேலை போயிருக்கும்."

"ஓ."

"கோவமா?"

"தூக்கத்துல கோவம் வருமா?" என்றார். கொட்டாவி விட்டார். பிறகு, "எனக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இன்னொருத்தன் மாத்தி நிக்கிறானான்னு கேட்டுப் பாக்குறேன். நிப்பான்னு சொல்ல முடியாது. சோம்பேறி அவன். கேக்குறேன்."

"கேளுங்க."

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்போ போய் சாப்பிடு. எனக்கு தூக்கம் வருது" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் மூச்சு குறட்டையாக மாறியது. அவள் வைத்தாள்.

சீட்டுக்குத் திரும்பியபோது புதுசு நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று அவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் விஷயம் அவரை எட்டியிருந்தது. இந்த ஆபீசில் ஒலிபெருக்கி ஒருவர்தான் என்று நினைப்பது தப்பு.

"அக்கா" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க, அழுகை வந்துடும். என்னால இப்போ அழக்கூட முடியாது, பசிக்குது." டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஆறிப்போயிருந்தது. பாதியை அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிட்டுட்டு அந்த பட்டியல மறுபடி எடுங்க. நாளைக்குக் காலைல ஏத்தணும். இனிமே முன் ஃபைல் பேருல தேதியும் நேரமும் சேத்துப் போடுவோம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. வெளிய நிக்கிற வரிக்கு ஏன் நிக்குதுன்னு பதில் எழுதாம டிக் கிடையாது."

"பாக்குறது? மேல பத்து, கடைசி ஒண்ணா?"

"அது செத்துப்போச்சு. ரகத்துக்கு ரகம் பாக்கணும், நடுவுல இருந்தும் எடுக்கணும். எண்ணு, பேரு, விலை மூணையும் ஒத்துப் பாக்கணும். கண்ணு அவிஞ்சாலும் பரவாயில்ல."

புதுசு ஒரு வாய் சாப்பிட்டார். "எந்த வரிலேர்ந்து ஆரம்பிக்க?"

"அந்த தாழ்ப்பாள்லேர்ந்து" என்றாள் ரேட்டக்கா. காலி வரியை இந்தத் தடவை முழுசாகப் பிடித்து நீக்கினாள். புதுசு கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, அதற்கு அடுத்த வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.